வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் கதையை உடைக்காமல் ஒரு மாதம்

எங்கள் வாசிப்புக் குழுவில் யாரும் யாரையும் நேரில் பார்த்துப் பேசுவதில்லை. பாளையங்கோட்டையில் சிலர், கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வள்ளியூரில் ஒரு செவிலியர், ஆலங்குளத்தில் பீடி சுற்றிக்கொண்டே வாசிப்பு பேசும் ஓர் அக்கா, மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர். எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். மாதம் ஒரு புத்தகம்.

நேரில் கூடும் குழுவில் இல்லாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. கூட்டத்துக்கு வருகிறவர் வாசித்துவிட்டுத்தான் வருவார், அல்லது வாசிக்கவில்லை என்று தெரிந்தே வருவார். போனில் அப்படி இல்லை. ஒருவர் இருபதாம் அத்தியாயத்தில் இருப்பார், இன்னொருவருக்குப் புத்தகமே கைக்கு வந்திருக்காது. செய்தியோ இரண்டு பேருடைய பையிலும் ஒரே நொடியில் சிணுங்கும். அதனால் 'ஸ்பாய்லர் போடாதீங்க' என்று குழு விவரத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் போதாது. எதுவரை பேசலாம் என்ற எல்லை தெரிந்தால்தான் எல்லையைத் தாண்டியது யாரென்று சொல்ல முடியும். அந்த எல்லையைத் தருவது மாத அட்டவணை. அட்டவணை இல்லாத மாதங்களில் எங்களுக்குள் சண்டை வந்தது. அட்டவணை வந்த பிறகு அநேகமாக இல்லை.

முதலில் கதை எந்த வழியாக ஒழுகுகிறது என்று சொல்லிவிடுகிறேன். குழுவைத் திறந்து வாசிக்கும்போது ஒழுகுவது குறைவு. திறக்காமலே ஒழுகுவதுதான் அதிகம். பூட்டிய திரையில் செய்தியின் முதல் வரி வந்து நிற்கும். அரட்டைப் பட்டியலிலும் கடைசிச் செய்தியின் தொடக்கம் தெரியும். ஒரு குடும்ப நாவலை வாசித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு, "அய்யோ, ஆவுடை போயிட்டாளே!" என்று போட்டார். (பெயரை மாற்றியிருக்கிறேன். நாவலின் பெயரையும் சொல்ல மாட்டேன், சொன்னால் நானே கதையை உடைத்தவன் ஆகிவிடுவேன்.) வள்ளியூர்ச் செவிலியருக்கு அன்று இரவுப் பணி. மணி பார்க்கப் போனை எடுத்தவருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. "நான் குரூப்பத் தொறக்கவே இல்லையே, எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?" என்று மறுநாள் கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆகவே முதல் விதி முதல் வரியைப் பற்றியது. கதையைத் தொடும் எந்தச் செய்தியானாலும் முதல் வரியில் புத்தகமும் அத்தியாய எண்ணும் மட்டுமே இருக்க வேண்டும். கருத்து, வியப்பு, அழுகை எல்லாம் கீழே. நாங்கள் எழுதும் வடிவம் இது:

```
[ஜூலை நாவல்] அத்தியாயம் 24 வரை
.
.
.
.
(பேச வேண்டியது இங்கே)
```

'24 வரை' என்றால், 24 முடித்தவர் தாராளமாக வாசிக்கலாம் என்று அர்த்தம். புள்ளிகள் வெறும் அலங்காரம் இல்லை. அறிவிப்பில் வரும் சில வரிகளை அவை தின்றுவிடும். ஆனால் சில போன்களில் அறிவிப்பைக் கீழே இழுத்து விரித்தால் இன்னும் பல வரிகள் தெரியும், அதனால் இரண்டு புள்ளி போட்டு நிறுத்தக் கூடாது. டெலிகிராமில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. `||` குறிகளுக்கு நடுவே எழுதினால் அந்தப் பகுதி மங்கிவிடும், தொட்டால்தான் தெரியும், அறிவிப்பிலும் மறைந்தே இருக்கும். அங்கே போகலாமே என்று கல்லூரி மாணவி ஒருத்தி சொல்லிப் பார்த்தாள். பாதிப் பேர் போனில் டெலிகிராமே இல்லை. இரண்டு பேருக்காக எல்லோரையும் இடம் மாற்றுவதைவிட நாலு புள்ளி வைப்பது சுலபம்.

எழுத்தைத் தவிர வேறு வழிகளிலும் கசியும். பக்கத்தைப் படம் எடுத்து, பிடித்த வரியில் கோடு போட்டு அனுப்புவார்கள். அறிவிப்பிலேயே படம் சிறிதாகத் தெரியும். போதாக்குறைக்கு அது தானாக இறங்கி கேலரியில் உட்கார்ந்துவிடும். அப்புறம் பேரன் போட்டோவைத் தேடும்போது நாவலின் கடைசிப் பக்கம் எதிரே வரும். எங்கள் குழுவில் பக்கத்தைப் படமாக அனுப்புவதாக இருந்தால் ஒருமுறை மட்டும் பார்க்கும் படமாகத்தான் அனுப்ப வேண்டும். விமர்சனக் கட்டுரையின் சுட்டியும் அப்படியே. சுட்டியை ஒட்டியவுடன் தலைப்பும் இரண்டு வரிச் சுருக்கமும் கூடவே ஒட்டிக்கொள்ளும், அந்தச் சுருக்கத்திலேயே முடிவு இருக்கும். அனுப்பும் முன் அந்தப் பெட்டியின் மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தொட்டால் முன்னோட்டம் போய்விடும், சுட்டி மட்டும் போகும்.

குரல் செய்தியில் இந்த ஆபத்து இல்லை என்று நினைத்தோம். பூட்டிய திரையில் மைக் படமும் நேரமும்தானே வரும். ஆனால் அடுத்தடுத்து வந்த குரல் செய்திகளை வாட்ஸ்அப் தானாகவே ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டும். ஆலங்குளத்து அக்காவுக்கு இரண்டு கையிலும் வேலை. மடியில் தட்டு, கையில் இலையும் தூளும், போன் பக்கத்தில் பாடிக்கொண்டிருக்கும். முதல் பகுதியைப் பற்றிய குரல் செய்தியைக் கேட்க ஆரம்பித்தார். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது, அது இரண்டாம் பகுதி. "நிப்பாட்டதுக்குள்ள சொல்லிப்புட்டாவளே" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு குரல் செய்திக்கும் முன்னால் முதல் வரி விதிப்படி ஓர் எழுத்துச் செய்தி போட வேண்டும். நடுவில் எழுத்து வந்தால் அந்த ஓட்டமும் நின்றுவிடும். குரல் செய்தியும் முதல் ஐந்து நொடிக்குள் அத்தியாய எண்ணைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

இனி அட்டவணை. நான் பொறுப்பேற்ற ஒரு ஜூலை மாதத்தை அப்படியே சொல்கிறேன். நாவல் 340 பக்கம், 36 அத்தியாயம். மாதத்தின் முதல் ஞாயிறு வாசிப்பு தொடங்கும். மூன்று வாரம் வாசிப்பு, நான்காவது வாரம் முழுக்கதைப் பேச்சு. முன்பு நாலு வாரத்துக்கும் நாலு பகுதி என்று பிரித்திருந்தோம். கடைசிப் பகுதி முடிந்த மறுநாளே அடுத்த புத்தகம் தொடங்கிவிடும், முடிவைப் பற்றி ஆசைதீரப் பேச நேரமே இருக்காது. பேச இடமில்லாத முடிவுதான் இடம் தப்பி வெளியே வருகிறது. ஆகவே மூன்று பகுதி: 1 முதல் 11 வரை 100 பக்கம், 12 முதல் 24 வரை 128 பக்கம், 25 முதல் 36 வரை 112 பக்கம். நடுப்பகுதிதான் பெரியது. அதுவே நாளுக்குப் பதினெட்டுப் பக்கம்தான் வருகிறது. முதல் பகுதியைச் சிறிதாக வைத்ததற்குக் காரணம், சிலருக்குப் புத்தகம் தாமதமாகத்தான் வரும். பெயர்கள், உறவுமுறைகள் பிடிபடவும் கொஞ்சம் நாள் ஆகும். 350 பக்கத்துக்கு மேல் போகும் நாவலை இரண்டு மாதத்துக்கு என்று வைத்துவிடுகிறோம்.

பகுதியை எங்கே வெட்டுவது என்பதில்தான் பொறுப்பாளருடைய வேலையே இருக்கிறது. முதல் பகுதியைப் போலவே பதினொரு அத்தியாயத்தில் வெட்டினால் 22-ம் அத்தியாயத்தோடு இரண்டாம் பகுதி முடிந்திருக்கும். ஆனால் இந்த நாவலில் 24-ம் அத்தியாயத்தில் ஒரு பத்திரத்தின் உண்மை வெளிவருகிறது, கதையே அங்கே திரும்புகிறது. 22-ல் நிறுத்தினால் என்ன நடக்கும்? யாருக்கும் நிறுத்த மனம் வராது, இரவோடு இரவாக இன்னும் இரண்டு அத்தியாயம் வாசித்துவிடுவார்கள். சனிக்கிழமை பேச்சில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருக்கும், பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு பேசுகிற பேச்சிலேயே கதை உடைந்துவிடும். அதனால் திருப்பத்துக்கு முன்னால் வெட்டாமல் பின்னால் வெட்ட வேண்டும். திருப்பம் எல்லோருக்கும் தெரிந்த பிறகு பேசினால் அதுவே நல்ல பேச்சு. தொடர்கதையாக வந்து பிறகு நூலான நாவல்களில் இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரம் வரை இழுத்துப் பிடிப்பதற்காகவே கொக்கி போட்டு முடிந்திருக்கும். அங்கே நல்ல இடம் கிடைக்காது, இருப்பதில் சின்னக் கொக்கியாகப் பார்த்து வெட்ட வேண்டியதுதான்.

இப்படி வெட்ட வேண்டுமானால் ஒருவராவது புத்தகத்தை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். அதனால்தான் மாதம் ஒரு பொறுப்பாளர். புத்தகத்தை முன்மொழிந்தவரே அந்த மாதத்துக்குப் பொறுப்பு. தொடங்கும் முன் அவர் முழுக்க வாசித்திருக்க வேண்டும். முன்மொழிகிற ஆர்வம் இதனால் பலருக்குக் குறைந்துவிட்டது. அதுவும் நல்லதற்குத்தான்.

எல்லையை எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டுவது இன்னொரு வேலை. பக்க எண்ணை நம்ப முடியாது. ஒருவரிடம் பழைய பதிப்பு, ஒருவரிடம் புதிய பதிப்பு, மஸ்கட் தம்பியிடம் கிண்டில். கிண்டிலில் சதவீதமும் இருப்பிட எண்ணும்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே அத்தியாய எண்தான் அளவு. அத்தியாயமே இல்லாமல் இடைவெளி மட்டும் விட்டு எழுதிய நாவல்களும் உண்டு. அதற்கு, நிறுத்த வேண்டிய இடத்துக்கு அடுத்த பத்தியின் முதல் மூன்று நான்கு சொற்களைக் கொடுத்து, 'இந்தச் சொற்கள் வந்தால் நிறுத்துங்கள்' என்று சொல்கிறோம். பகுதியின் கடைசி வாக்கியத்தைக் கொடுக்கக் கூடாது. எழுத்தாளர்கள் வெடியை அங்கேதான் வைத்திருப்பார்கள். அடுத்த பத்தி பெரும்பாலும் 'மறுநாள் காலை' என்று சாதுவாகத் தொடங்கும். அதில் யார் பெயராவது வந்துவிட்டால் மட்டும் ஒன்றிரண்டு சொல் தள்ளி எடுக்க வேண்டும். செத்துப்போனதாக நினைத்த ஆள் மறுநாள் காலையில் காபி குடித்தால் அதுவும் ஸ்பாய்லர்தானே.

தமிழ்ப் புத்தகங்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு, அணிந்துரை. புத்தகத்தின் வாசலிலேயே ஒரு பெரியவர் உட்கார்ந்து முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவார். பின்னட்டைக் குறிப்பும் பல நேரம் அப்படித்தான். எங்கள் மாத அறிவிப்பில் முதல் வரியே 'முன்னுரை, அணிந்துரை, பின்னட்டை மூன்றையும் நான்காவது வாரம் வாசியுங்கள்' என்பதுதான். பொறுப்பாளர் வாசித்துப் பார்த்து, ஆபத்தில்லை என்றால் மட்டும் இந்த வரியை எடுத்துவிடலாம்.

பேச்சு நேரம் சனி இரவு எட்டு மணிக்குத் திறந்து திங்கள் இரவு எட்டு மணிக்கு மூடும். ஒரே நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசலாம் என்றுதான் ஆரம்பித்தோம். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். செவிலியருக்குப் பணி மாறி மாறி வரும். மஸ்கட்டில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், நேரமும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். எல்லோருக்கும் ஒத்துவரும் ஒரு மணி நேரம் என்று எதுவும் கிடையாது. நாற்பத்தெட்டு மணி நேரம் என்றால் அவரவர் வசதிக்கு வந்து பேசிவிட்டுப் போகலாம். அந்த நேரத்துக்குள் அந்தப் பகுதி வரை பேசலாம், முதல் வரி மட்டும் கட்டாயம். வாரத்தின் மற்ற நாட்களில் பொதுக் குழுவில் கதைப் பேச்சே கிடையாது. 'எத்தனையாவது அத்தியாயத்தில் இருக்கேன்', 'புத்தகம் வந்துட்டு', 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்' இவ்வளவுதான்.

அடுத்த மாதத்துக்கான தேர்வு இரண்டாவது வாரமே நடந்துவிடும். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் பன்னிரண்டு தெரிவு வரை போடலாம், நாங்கள் நான்குக்கு மேல் போடுவதில்லை. யார் எதற்குப் போட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் கொஞ்சம் முகத்தாட்சண்யமும் கலந்துவிடும், அதை ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது வாரமே ஏன் என்றால், சென்னையிலிருந்து தபாலில் புத்தகம் வர நாளாகும். பாளையங்கோட்டை நூலகத்தில் ஒரு பிரதி இருந்தால் அதை ஒருவர் எடுத்து முடித்து இன்னொருவருக்குக் கொடுக்கவும் நேரம் வேண்டும். வாசிப்பு தொடங்கும் அன்று தேதிகள் உள்ள அறிவிப்பைக் குழுவின் தலையில் முப்பது நாளுக்குக் குத்தி வைத்துவிடுகிறோம். அப்படிக் குத்தி வைக்க முப்பது நாளே அதிகபட்சம், எங்கள் மாதத்துக்கு அது சரியாகப் போதும்.

ஊர் நாட்காட்டியையும் பார்த்துத்தான் புத்தகம் போட வேண்டும். ஆனித் தேரோட்டம், ஆடித்தபசு, குற்றாலத்தில் சாரல் விழுந்தால் வீட்டுக்கு வரும் உறவினர் கூட்டம் என்று ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை யாரும் முழுசாக வீட்டில் இருப்பதில்லை. கோயில் கொடை வந்தால் அந்த வாரம் ஊருக்குப் போனவர் போனையே பார்க்க மாட்டார். அந்த மாதிரி மாதத்துக்குக் குறுநாவலோ சிறுகதைத் தொகுப்போ போட்டால் தப்பித்தோம். சிறுகதையில் அத்தியாய எல்லைக்குப் பதிலாகக் கதைத் தலைப்பே எல்லை. அந்த ஜூலையில் 340 பக்க நாவலைப் போட்டதற்குக் காரணம் அதுதான் வாக்கில் ஜெயித்தது. இரண்டாவது வாரம் ஆள் குறைந்தது, நான்காவது வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளம் புகுந்தபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த மாதம் அட்டவணையை அப்படியே உறைய வைத்தோம். கடைசியாகப் பேசி முடித்த பகுதிதான் எல்லை, எல்லோரும் திரும்பும்வரை அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது. வெள்ளம் வராத வெளியூர்க்காரர்கள் முடித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

முந்திக்கொள்கிறவர்களை என்ன செய்வது? இரண்டே நாளில் முடித்துவிட்டு மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிரு என்றால் யாராலும் முடியாது. அதற்கு இரண்டாவது குழு, பெயர் 'முடித்தவர் திண்ணை'. முடித்த பிறகு ஒவ்வொருவராகச் சேர்த்துப் பார்த்தோம். புதிதாகச் சேர்கிறவருக்கு அதற்கு முன் பேசியது தானாக வராது, "என்ன பேசினிய?" என்று கேட்பார், பேசியதையே திரும்பப் பேச வேண்டியிருக்கும். இப்போது எல்லோருமே முதலிலிருந்து அதில் உறுப்பினர். முடிக்காதவர்கள் அதை மியூட் செய்து ஆர்கைவில் போட்டுவிட வேண்டும். ஆர்கைவில் இருக்கும் குழுவில் செய்தி வந்தாலும் அது மேலே ஏறி வராது, அறிவிப்பும் வராது. இதில் ஒரு ஓட்டை உண்டு. யாராவது உங்கள் பெயரை @ போட்டு அழைத்தாலோ, உங்கள் செய்திக்குப் பதில் சொன்னாலோ அறிவிப்பு வந்துவிடும். ஒருவர், "@... அக்கா முடிக்கட்டும், அப்புறம் இந்தக் கல்யாணத்தப் பத்திப் பேசுவோம்" என்று அன்பாகத்தான் எழுதினார். கல்யாணம் நடக்கப்போகிறது என்பது அக்காவின் பூட்டிய திரையில் வந்துவிட்டது. திண்ணையில் முடிக்காதவர் பெயரை @ போட்டு அழைக்கக் கூடாது என்பது அன்று வந்த விதி.

இவ்வளவு செய்தாலும் பொதுக் குழுவில் வேறொரு வகையில் கதை உடையும், அதுதான் பிடிக்கச் சிரமமானது. யாரும் சம்பவத்தைச் சொல்வதில்லை. "பொறுங்க, இனிமேதான் இருக்கு", "அந்தப் பையன் மேல ரொம்பப் பாசம் வச்சிராதீங்க", "முடிவு எதிர்பாராதது" என்பார்கள். எதிர்பாராத முடிவு என்று சொன்ன பிறகு வாசிப்பவர் எதையும் நம்ப மாட்டார், ஒவ்வொரு பக்கத்திலும் பொறியைத் தேடிக்கொண்டிருப்பார். ஊகங்களில் இது இன்னும் மோசம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நிற்கும் ஒருவர், "பத்திரத்துல ஏதோ கோளாறு இருக்குன்னு நெனைக்கேன்" என்று எழுதுவார். முடித்தவர் ஒருவர் சிரிப்பு பொம்மை போடுவார். இன்னொரு ஊகத்துக்கு யாரும் ஒன்றும் போட மாட்டார்கள். இரண்டையும் வைத்து மூன்றாவது ஆள் விடையைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் வழக்கம் இப்போது இது: அந்தப் பகுதியைத் தாண்டிப் போனவர்கள் எந்த ஊகத்துக்கும் பதிலோ பொம்மையோ போடக் கூடாது. பொறுப்பாளர் மட்டும் எல்லா ஊகத்துக்கும், சரியோ தப்போ, ஒரே பதில் போடுவார்: "வாசிச்சுக்கிட்டே வாங்க." உப்பில்லாத பதில்தான், உப்பில்லாததால்தான் வேலை செய்கிறது.

மீறிக் கதை உடைந்துவிட்டால் சத்தம் போடாமல் இருப்பதுதான் பாதி வைத்தியம். "ஏன் இப்படிச் சொல்லிட்டீங்க?" என்று யாராவது கோபப்பட்டால், சொன்னது உண்மை என்று எல்லோருக்கும் உறுதியாகிவிடும். கோபப்படாவிட்டால் அதையும் ஓர் ஊகமாக நினைத்துக் கடந்துபோகிறவர்கள் இருப்பார்கள். குழு அட்மின் யாருடைய செய்தியையும் எல்லோருக்குமாக அழிக்கலாம், உடனே அழித்துவிட வேண்டும். எழுதியவரே அழிப்பதாக இருந்தால் இரண்டு நாளுக்குச் சற்று மேல்வரை முடியும். திருத்துவது என்றால் பதினைந்து நிமிடம்தான். ஆனால் யாராவது அந்தச் செய்தியை மேற்கோளாகப் பிடித்துப் பதில் போட்டிருந்தால், மூலச் செய்தியை அழித்த பிறகும் மேற்கோளில் அந்த வரி அப்படியே நிற்கும். அதனால் உடைத்த செய்திக்கு யாரும் பதில் போடக் கூடாது, 'அழியுங்கள்' என்றுகூட. அட்மினுக்குத் தனிச்செய்தி அனுப்பினால் போதும். அழித்த இடத்தைப் பார்த்து "என்னது அது?" என்று கேட்கிறவருக்கும் பதில் சொல்லக் கூடாது.

தலைமையாசிரியர் சாருக்கு இந்த விதிகளில் எல்லாம் நம்பிக்கை இல்லை. "கொடையில ராத்திரி பூராவும் வில்லுப்பாட்டு கேக்கானுவ. சுடலைமாடன் கதை எவனுக்குத் தெரியாது? தெரிஞ்சுதானே விடிய விடிய உக்காந்திருக்கான். அறுபது வருசத்துக்கு முந்தின நாவலுக்கு என்னடே ரகசியம்?" என்று கேட்பார். அவர் சொல்வது தப்பில்லை. தெரிந்த கதையைக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுவாசிப்பும் அதுதான். ஆனால் வில்லுப்பாட்டுக்கு உட்காரும் சின்னப் பிள்ளைக்கும் ஏதோ ஒரு வருசம் அது முதல் தடவையாக இருந்திருக்கும். எங்கள் கல்லூரி மாணவிக்கு அந்த அறுபது வருச நாவல் போன செவ்வாய்க்கிழமை வெளிவந்த நாவல்தான். புத்தகம் எவ்வளவு பழையது என்பது கணக்கில்லை, வாசிப்பவர் எங்கே நிற்கிறார் என்பதே கணக்கு. சார் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் முதல் வரி விதியை எங்கள் எல்லோரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிப்பவர் அவர்தான்.

முடிந்த மாதத்துப் புத்தகங்களுக்கும் இதே கணக்கை வைத்துக்கொண்டோம். "ஜனவரி புத்தகத்துல மாதிரியே இதுலயும் அப்பாதான் காரணம்" என்று ஒருவர் எழுதினால் ஒரே வரியில் இரண்டு புத்தகம் போய்விடும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் ஜனவரி புத்தகத்தை இனிமேல்தான் எடுக்கப்போகிறார். அதனால் பழைய புத்தகத்தின் முடிவைப் பொதுக் குழுவில் தொட்டாலும் முதல் வரி வேண்டும், ஒப்பிட்டுப் பேசுவதெல்லாம் திண்ணையில்தான். ஸ்டேட்டஸில் போடுகிறவர்களைக் கட்டுப்படுத்த எங்களால் முடியவில்லை. அது அவரவர் வீட்டுச் சுவர். முடிவைப் படம் எடுத்துப் போடாதீங்க என்று கேட்டுக்கொள்வதோடு சரி.

பின்தங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் பகுதிப் பேச்சு திறக்கும்போது முதல் பகுதியில் நிற்பவர் "எனக்காக நிறுத்தி வையுங்கள்" என்று கேட்க முடியாது. எல்லை தேதியோடு நகரும், ஆளோடு நகராது. இது கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஒருவருக்காக நிறுத்திய மாதத்தில் மற்றவர்கள் ஆர்வம் இழந்து அடுத்த புத்தகத்துக்கே வரவில்லை. பின்தங்கியவர் பேச்சைத் தாண்டிப் போகலாம். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அத்தியாய எண் இருப்பதால் ஒரு வாரம் கழித்து வந்தாலும் எது தனக்கு, எது தனக்கில்லை என்று தேர்ந்து வாசிக்க முடிகிறது.

பாதியில் புத்தகத்தை மூடிவிட்டவர் முடிவு தெரிய வேண்டும் என்று கேட்டால் பொறுப்பாளர் தனிச்செய்தியில் சொல்லிவிடுவார். இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருத்தி புத்தகம் தொடங்கும் முன்னாலேயே கேட்பாள், "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று. ஏதாவது ஆகுமென்றால் அந்த மாதம் வாசிக்க மாட்டாள். அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும், அதற்கான காரணமும் அவளுக்கு உண்டு. அவளுக்கு மட்டும் பொறுப்பாளர் முன்கூட்டியே உள்ளதைச் சொல்லிவிடுகிறார். பதிலுக்கு அவள் மூன்று வாரமும் பொதுக் குழுவில் ஊகம் எதுவும் எழுதுவதில்லை.